சுவரில் ஏறும் ஓதமும் குழாய்க் கசிவும்

ஊராட்சிக்குச் சொந்தமான கட்டிடம் ஒன்றில் சுவரின் அடிப்பாகம் நனைந்து, சுண்ணாம்பு பொரிந்து, காரை உதிரத் தொடங்கிவிட்டால், வழக்கமாக நடப்பது இதுதான். ஒரு கொத்தனார் வந்து பார்க்கிறார். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, நீர் புகா மருந்து கலந்த சிமெண்டுப் பூச்சுப் பூச வேண்டும் என்று மதிப்பீடு தருகிறார். உறுப்பினர்கள் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள்; வேலையும் முடிகிறது. ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து அதே சுவர் மீண்டும் நனைகிறது. சில இடங்களில் முன்னிலும் ஓர் அடி உயரத்தில் நனைகிறது. கொத்தனார் மீது குறை சொல்வது எளிது. ஆனால் அவர் செய்த வேலை நல்ல வேலையாகவே இருக்கலாம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று வேலைக்கு முன் எவரும் கேட்காததே பெரும்பாலும் குறை.

சுவரின் கீழ்ப்பாகத்தில் தோன்றும் ஈரத்திற்கு நம் ஊர்களில் காரணங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, நிலத்து நீர் செங்கல் வழியே மேலேறுவது. இதையே ஓதம் ஏறுதல் என்கிறோம். மற்றொன்று, சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ பதித்த குழாய் கசிவது. முன்னாளில் கிராமத்து வீடுகளில் சுவருக்குள் குழாயே இராது; ஆதலால் ஈரம் என்றால் ஓதம் என்றே கொள்ளலாம். இன்று நிலைமை அப்படியில்லை. 2019-ஆம் ஆண்டு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்திற்குப் பின் ஊர்தோறும் வீட்டுக் குழாய் இணைப்புகள் பெருகியுள்ளன. மாடியில் நீர்த்தொட்டியும், சுவரைக் கொத்திப் பதித்த குழாயும், கை கழுவும் தொட்டியும் சிறு கட்டிடங்களிலும் வந்துவிட்டன. எனவே இரண்டில் எது என்று பிரித்தறிவது இப்போது ஊராட்சியின் வேலையாகிவிட்டது. இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு பென்சிலும், ஓர் அளவுகோலும், இரண்டு வாரப் பொறுமையும் போதும்.

ஓதத்தின் இயல்பு

செங்கல்லிலும் காரையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் அவை நிலத்து ஈரத்தை உறிஞ்சி மேலே இழுக்கின்றன. நம் பக்கத்துச் சாதாரணச் செங்கல்லை ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் போட்டு வைத்தால், தன் எடையில் ஆறில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு நீரைக்கூடக் குடித்துவிடும். இத்தகைய சுவரில் நீர் ஏன் கூரை வரை ஏறுவதில்லை என்று கேட்கலாம். ஏறுகின்ற நீர் சுவரின் முகத்தில் காற்றுப் பட்டு உலர்ந்துகொண்டே இருக்கிறது. கீழிருந்து ஏறும் அளவும் முகத்தில் உலரும் அளவும் சமமாகும் உயரத்தில் ஈரம் நின்றுவிடுகிறது. பெரும்பாலான சுவர்களில் அந்த உயரம் தரையிலிருந்து மூன்றடிக்கு உள்ளேயே அமையும். நான்கடியைத் தாண்டுவது அரிது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் பெறப்படுகிறது. சுவரின் முகத்தை அடைத்துவிட்டால் உலர்தல் குறையும்; ஆகவே ஈரம் நிற்கும் உயரம் கூடும். ஓதம் ஏறும் சுவரில் மூன்றடி உயரத்திற்குக் கெட்டியான சிமெண்டுப் பூச்சுப் பூசினாலும், எனாமல் வர்ணம் அடித்தாலும், ஓடு பதித்தாலும், அடைப்பு முடியும் இடத்திற்கு மேலே ஈரம் தலை காட்டுவது இதனால்தான். பணம் செலவழித்து நோயை ஓர் அடி உயர்த்தியதாகவே அது முடிகிறது.

ஓதம் நிலத்திலிருந்து வருவதால், அது ஒரு குறிப்பிட்ட இடத்தை மட்டும் பிடித்துக்கொள்வதில்லை. சுவரின் நீளம் முழுவதும், ஏறக்குறைய ஒரே உயரத்தில், ஒரு பட்டையாக ஓடும். மூலையில் திரும்பி அடுத்த சுவரிலும் தொடரும். நடுச்சுவர்களிலும் காணப்படும். அதன் மேல் விளிம்பில் உப்புப் பூத்த வெள்ளைக் கோடு இருக்கும்; நிலத்திலிருந்து நீர் கொண்டுவந்த உப்பு, நீர் உலரும் இடத்தில் தங்கிவிடுவதே அக்கோடு. மழைக்காலத்தில் பட்டை சற்று உயரும், கோடையில் தாழும். ஆனால் காலைக்கும் மாலைக்கும் இடையே, அல்லது இந்த வாரத்திற்கும் அடுத்த வாரத்திற்கும் இடையே, அது பெரிதாக மாறாது. ஓதத்தின் கடிகாரம் மாதக் கணக்கில் ஓடுவது.

முறையாகக் கட்டிய கட்டிடத்தில் அடிபீடத்தின் தலைமட்டத்தில் ஓதத் தடுப்பு என்று ஓர் அடுக்கு இட்டிருப்பார்கள். நீர் புகா மருந்து கலந்த சிமெண்டுக் கலவையாலோ கான்கிரீட்டாலோ ஓர் அங்குல அளவில் அது அமையும். அது இருந்தும் ஓதம் ஏறுவது உண்டு. நம் ஊர்களில் இதற்கு மிகச் சாதாரணமான காரணம் தெரு உயர்ந்ததே. பழைய சாலையைத் தோண்டி எடுக்காமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் கான்கிரீட்டுச் சாலை போடுகிறோம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கட்டிய அடிபீடம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தெரு மட்டத்திற்கு வந்துவிடுகிறது. அப்போது மண் தடுப்பு அடுக்கிற்கு மேலே சுவரை நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும். தடுப்பு பழுதாகவில்லை, அதைத் தாண்டிக் குதிக்க வழி செய்து கொடுத்துவிட்டோம். ஆகவே ஈரச் சுவரைப் பார்க்கப் போகிறவர் முதலில் உள்ளே போகாமல் வெளியே போக வேண்டும். உள் தரை மட்டம் எவ்வளவு, வெளி மண் மட்டம் எவ்வளவு என்று அளக்க வேண்டும்.

குழாய்க் கசிவின் இயல்பு

குழாய் கசிந்தால் ஈரத்திற்கு ஒரு நடு உண்டு. கசியும் இடத்தில் மிகக் கருத்தும், அங்கிருந்து விலக விலக வெளுத்தும் காணப்படும். நீர் கீழ்நோக்கி இறங்குவதால், மேலே குறுகிக் கீழே விரிந்த முறத்தின் வடிவம் பெரும்பாலும் தோன்றும். சுவரின் ஒரு பகுதியில் மட்டும் நின்று, அடுத்த மூலை வரை போகாமலே இருக்கும். நான்கடிக்கு மேல், ஐந்தடி ஆறடி உயரத்தில் ஈரம் தெரிந்தால் அது ஓதமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. குழாயையோ கூரையையோ சந்தேகிக்க வேண்டும்.

வடிவத்தைவிட நம்பத்தக்கது காலம். ஒரு கட்டிடத்தில் மூன்று வகைக் குழாய்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் கால அட்டவணை வேறு. தெருவிலிருந்து வரும் இணைப்புக் குழாயில் ஊராட்சி தண்ணீர் விடும் நேரத்தில் மட்டுமே அழுத்தம் இருக்கும். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் தொட்டியில் நீர் உள்ளவரை இரவும் பகலும் அழுத்தம் இருக்கும். கழிவு நீர்க் குழாயில் யாராவது பாத்திரம் கழுவும்போதோ குளிக்கும்போதோ மட்டுமே நீர் ஓடும். முதலாவது கசிந்தால், தண்ணீர் விட்ட சில மணி நேரத்தில் சுவர் கருக்கும். மோட்டார் பழுதாகி இரண்டு மூன்று நாள் தண்ணீர் வராதபோது வெளுக்கும். ஊர்த் தொட்டியை இயக்குபவரிடம் எந்தெந்த நாளில் தண்ணீர் விடவில்லை என்று கேட்டுக் குறித்துக்கொள்வது பயன்தரும். செலவில்லாமல் ஒரு பரிசோதனை ஏற்கெனவே நடந்திருக்கும். இரண்டாவது கசிந்தால் ஈரம் ஓயாமல் நிற்கும். இதுவே ஓதத்தைப் போல மிகவும் ஏமாற்றுவது. மூன்றாவது கசிந்தால், கட்டிடம் விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் நாட்களில் ஈரம் குறையும்.

ஓர் உதாரணம்

முறை விளங்குவதற்காக ஓர் அங்கன்வாடிக் கட்டிடத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஒரே பெரிய அறை, தெற்கே சமையலறை. இரண்டுக்கும் இடையே ஒன்பது அங்குலச் செங்கற்சுவர். மாடியில் 500 லிட்டர்த் தொட்டி. அதிலிருந்து முக்கால் அங்குலப் பிளாஸ்டிக் குழாய் அந்தத் தென்சுவருக்குள் இறங்கி, மூன்றடி உயரத்தில் ஒரு திருகு குழாயில் முடிகிறது. கீழ்ச்சுவருக்கு வெளியே தெரு.

குழந்தைகள் சாய்ந்து உட்காரும் இரண்டு சுவர்களிலும் ஈரம். தென்சுவரில் ஆறடி அகலத்திற்கு, தரையிலிருந்து நான்கடி உயரம் வரை. கீழ்ச்சுவரில் நீளம் முழுவதும், ஒன்றரை அடி உயரத்திற்கு. இரண்டும் மூலையில் சேர்ந்துவிட்டதால், பார்ப்பவருக்கு ஒரே ஈரமாகத் தெரிகிறது. இரண்டு சுவரையும் கொத்திப் பூச ரூ. 38,000 மதிப்பீடு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை பென்சிலால் ஈரத்தின் விளிம்பைச் சுவரிலேயே கோடிட்டு, பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் எழுதுவது. இதைக் காலையிலும் மாலையிலும் ஒரு வாரம் செய்ய வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரே இதைச் செய்துவிடலாம். விளிம்பு அசைகிறதா, எங்கே அசைகிறது என்பதை நினைவை நம்பிச் சொல்ல முடியாது. கோடு பொய் சொல்லாது.

இரண்டாவது வேலை தொட்டிச் சோதனை. இதற்கு இரண்டு வாரக் கடைசிகள் தேவை. முதல் வாரம், சனிக்கிழமை மாலை 5 மணிக்குத் தொட்டிக்கு நீர் வரும் வால்வையும், தொட்டியிலிருந்து நீர் இறங்கும் வால்வையும் மூடிவிட வேண்டும். ஒரு நேரான குச்சியைத் தொட்டியின் அடி வரை செங்குத்தாக விட்டு நீர் மட்டத்தை அளந்து எழுத வேண்டும். தொட்டியின் மூடியைச் சரியாக மூடிவிட வேண்டும். திங்கட்கிழமை காலை 8 மணிக்கு மீண்டும் அளக்க வேண்டும். நம் உதாரணத்தில் 62.0 செ.மீ. இருந்தது 61.9 ஆயிற்று. ஆக, தொட்டியில் ஓட்டையில்லை. ஆவியாகும் நீரும் கணக்கில் வராது.

அடுத்த வாரம் அதே நேரத்தில் அதே சோதனை, வித்தியாசம் ஒன்றே. நீர் இறங்கும் வால்வு திறந்திருக்க வேண்டும். கட்டிடத்திலுள்ள திருகு குழாய்களெல்லாம் இறுக மூடியிருக்க வேண்டும். ஒவ்வொரு திருகு குழாயின் கீழும் ஒரு காலிப் பாத்திரம் வைக்க வேண்டும். குழாய் வாயிலிருந்து சொட்டுவதைச் சுவர்க் கசிவு என்று எண்ணிவிடாதிருக்கவே இது. திங்கட்கிழமை காலை பாத்திரங்கள் உலர்ந்திருந்தன. ஆனால் நீர் மட்டம் 62.0-லிருந்து 60.4 செ.மீ. ஆகியிருந்தது. 90 செ.மீ. விட்டமுள்ள தொட்டியில் ஒரு செ.மீ. என்பது சுமார் 6.4 லிட்டர். ஆக, 39 மணி நேரத்தில் ஏறக்குறைய 10 லிட்டர் எங்கோ போயிருக்கிறது. மணிக்குக் கால் லிட்டர்தான். திறந்த குழாயில் அது சில விநாடிகளில் ஓடிவிடும். ஆனால் ஒரு சுவரை ஆண்டு முழுவதும் நனைத்து வைக்க அது தாராளமாகப் போதும்.

ஒரே இரவுச் சோதனையை நான் போதுமென்று சொல்லமாட்டேன். விநாடிக்கு ஒரு சொட்டு என்ற அளவில் கசிந்தால் நாளொன்றுக்கு நான்கு லிட்டர் அளவே வரும். பத்து மணி நேரத்தில் தொட்டியின் மட்டம் மூன்று மில்லிமீட்டர்கூட இறங்காது. குச்சியில் அதைப் படிக்க முயன்றால் கண்ணும் கையும் செய்யும் பிழைதான் எழுதப்படும். ஞாயிறு முழுவதையும் உள்ளடக்கினால் அது ஒரு செ.மீட்டருக்கு மேல் ஆகும். அதைத் தவறாமல் படிக்கலாம்.

கசிவு உண்டு என்பது தெரிந்தது. ஆனால் அந்தக் கசிவே இந்த ஈரத்திற்குக் காரணம் என்பது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. அதற்காக மூன்றாவது வேலை: நீர் இறங்கும் வால்வைப் பத்து நாள் மூடி வைத்து, சமையலுக்குக் குடத்தில் நீர் எடுத்துக்கொள்வது. முதல் நான்கு நாளும் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். செங்கல் குடித்த நீர் முகத்திற்கு வந்து உலர நாளாகும். நம் உதாரணத்தில் ஐந்தாம் நாளிலிருந்து தென்சுவரின் ஈரம் மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் சுருங்கத் தொடங்கிப் பத்தாம் நாள் பென்சிற்கோட்டிலிருந்து நான்கு அங்குலம் உள்வாங்கிவிட்டது. கீழ்ச்சுவரின் பட்டையோ கோட்டை விட்டு அசையவேயில்லை. ஒரே ஈரம் என்று எண்ணியது இரண்டு ஈரம் என்பது இங்கே வெளிப்படுகிறது.

சுவரின் உள்ளே என்ன இருக்கிறது

இத்தனைக்குப் பிறகும் உறுப்பினர்களிடையே கருத்து வேற்றுமை இருந்தால், துளைத்துப் பார்க்கும் முறை ஒன்றுண்டு. மின்சார வேலை செய்பவரிடம் உள்ள துளைக்கருவியால், செங்கற்களுக்கு இடையேயுள்ள காரையில் மூன்று உயரங்களில் துளையிட வேண்டும்: தரையிலிருந்து அரை அடி, மூன்றடி, ஐந்தடி. தாழ்ந்த ஓதப் பட்டையானால் அரை அடி, ஒன்றரை அடி, மூன்றடி என்று எடுக்கலாம். கருவி சூடேறினால் ஈரம் அப்போதே பறந்துவிடும். மெதுவாகத் துளைக்க வேண்டும். முதல் அரை அங்குலத்துப் பொடியைத் தள்ளிவிட்டு, உள்ளே வரும் பொடியை மட்டும் இறுக மூடும் சிறு புட்டிகளில் சேர்க்க வேண்டும். பொற்கொல்லரின் தராசில் ஒவ்வொன்றிலும் 20 கிராம் நிறுத்து, தட்டில் பரப்பி, அடுப்புச் சூட்டில் எடை மேலும் குறையாத வரை உலர்த்தி, மறுபடி நிறுக்க வேண்டும். சுவருக்குள் மின்கம்பி எங்கே போகிறது என்று அறிந்து, மின்சாரத்தை அந்தப் பக்கத்திற்கு நிறுத்தி, பிறகே துளைக்க வேண்டும். ஈரச் சுவரில் இது விளையாட்டன்று.

நம் கட்டிடத்தின் கீழ்ச்சுவரில் அரை அடி உயரத்துப் பொடி 20 கிராமிலிருந்து 17.8 ஆகவும், ஒன்றரை அடியில் 18.7 ஆகவும், மூன்றடியில் 19.6 ஆகவும் குறைந்தது. அதாவது அடியில் ஈரம் மிகுதி. மேலே போகப் போகப் படிப்படியாகக் குறைவு. இது நிலத்திலிருந்து ஏறுவதன் கையெழுத்து. குழாய் மூடுவதற்கு முன் தென்சுவரில் எடுத்த பொடியோ அரை அடியில் 18.6, மூன்றடியில் 17.4, ஐந்தடியில் 19.5. மூன்றடி உயரத்தில், அதாவது திருகு குழாய் இருக்கும் மட்டத்தில், அடியைவிட ஈரம் மிகுதி. நிலத்து நீர் தான் கடந்து வந்த இடத்தைவிடச் சென்ற இடத்தை அதிகம் நனைக்காது.

இந்த வேலைக்கு இரண்டு முட்களைச் சுவரில் வைத்து எண் காட்டும் ஈரமானியைச் சிலர் கொண்டுவந்து காட்டுவதுண்டு. அது மின்சாரம் எவ்வளவு எளிதாகச் செல்கிறது என்பதை அளந்து, அதை ஈரமாகக் கணக்கிடும் கருவி. உப்பும் மின்சாரத்தை எளிதாகச் செலுத்தும். ஆகவே உப்பரித்த சுவர் ஓரளவு உலர்ந்திருந்தாலும் அது ‘மிக ஈரம்’ என்றே காட்டும். மரத்திற்கு அக்கருவி நல்லது; பழைய சுவருக்கு அதன் எண்ணை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கலாகாது.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளை பூத்தாலே ஓதம் என்று முடிவு கட்டுவோர் உண்டு. அது சரியன்று. குழாய் நீரும் செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்பைக் கரைத்து வெளியே தள்ளும். அதுவும் வெள்ளையாகத்தான் பூக்கும். ஆனால் நிலத்திலிருந்து வரும் உப்பில், முக்கியமாக மாட்டுத் தொழுவமும் குப்பைக் குழியும் இருந்த பழைய மனைகளில், நைட்ரேட்டும் குளோரைடும் மிகுதி. வெடியுப்பு என்று நம் முன்னோர் சொன்னது நைட்ரேட்டு உப்பையே. பீகார் முதலிய இடங்களில் பழைய ஊர் மண்ணிலிருந்து அதைக் காய்ச்சி எடுத்து வெடிமருந்துக்கு விற்ற காலமும் உண்டு. இவ்வகை உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தைத் தாமே இழுக்கும். சுவரில் பூத்ததைச் சுரண்டிப் பீங்கான் தட்டில் வைத்து, மழை மூட்டமான இரவில் மழை படாத திண்ணையில் விட்டுப் பார்க்கலாம். காலையில் கசகசவென்று ஈரமாகியிருந்தால் நிலத்து உப்பு என்று ஐயப்படலாம். பொடியாகவே இருந்தால் செங்கல், சிமெண்டின் உப்பாக இருக்கலாம். குடிநீர்ப் பரிசோதனைப் பெட்டி உங்கள் ஊரில் இருந்தால், சுரண்டிய உப்பை மழைநீரில் கரைத்து நைட்ரேட்டுச் சோதனையும் செய்யலாம். ஊர்தோறும் ஐந்து பெண்களுக்கு இப்பெட்டியைக் கையாளப் பயிற்சி அளிப்பது ஜல் ஜீவன் திட்டத்தின் ஏற்பாடு. உங்கள் குழாய் நீரிலேயே நைட்ரேட்டு மிகுதியாயின் இச்சோதனை ஒன்றையும் பிரித்துக் காட்டாது. ஆதலால் குழாய் நீரையும் உடன் சோதிக்க வேண்டும்.

அதே பெட்டியிலுள்ள குளோரின் சோதனையைக் கொண்டு, சுவரடியில் தேங்கிய நீர் குழாய் நீரா என்று பார்க்கச் சிலர் விரும்புவர். குளோரின் தெரிந்தால் அது குழாய் நீரே. தெரியாவிட்டால் ஒன்றும் முடிவாகாது. மண்ணையும் காரையையும் கடந்து வரும்போது குளோரின் அழிந்துவிடும்.

இரண்டும் கலந்த வகை

எல்லாவற்றிலும் சங்கடமானது ஒன்றுண்டு. தரைக்கு அடியிலோ, சுவரோரத்து மண்ணிலோ போகும் இணைப்புக் குழாய் கசிந்தால், அந்த நீர் மண்ணை நனைக்கும். நனைந்த மண்ணிலிருந்து சுவர் அதை உறிஞ்சி ஏற்றும். சுவரில் தெரிவது உண்மையான ஓதமே. பட்டையாக ஓடும், அடியில் மிகுதியாக இருக்கும். துளைத்துப் பார்த்தாலும் ஓதம் என்றே சொல்லும். ஆனால் அதன் ஊற்று குழாய். மாடித் தொட்டிச் சோதனையும் இதைப் பிடிக்காது. ஏனெனில் இந்தக் குழாய் தொட்டிக்கு முன்னால் இருப்பது.

இதற்கு மண்ணைத்தான் கேட்க வேண்டும். கோடையில், மழை பெய்து சில வாரங்களான பின், ஈரச் சுவருக்கு வெளியே ஓரடி தள்ளி இரண்டடி ஆழத்திற்கு ஒரு குழி வெட்ட வேண்டும். அதே கட்டிடத்தின் மறு பக்கத்தில், குழாய் போகாத இடத்தில் இன்னொரு குழி. அடிவாரத்தைத் தோண்டிவிடாதபடி கவனம் வேண்டும். மறு பக்கத்துக் குழியில் மண் உலர்ந்து, இந்தக் குழியில் மட்டும் கையில் பிடித்தால் உருண்டையாகும்படி ஈரமாக இருந்தால், குழாயைச் சந்தேகிக்க இடமுண்டு. தண்ணீர் விடுவதற்கு முன் ஒருமுறையும், விட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறையும் பார்த்தால் ஐயம் தீரும். சில வேளை குழியில் நீர் ஊறுவதே தெரியும். சமையலறைக் கழிவு நீர் போய் விழும் வாழைப் பாத்தி சுவரை ஒட்டியிருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். அதைக் கண்டுபிடிக்கக் குழிகூட வேண்டியதில்லை.

எதற்குப் பணம் கொடுப்பது

நம் உதாரணக் கட்டிடத்திற்குத் திரும்புவோம். தென்சுவரில் மிகக் கருத்த இடம் திருகு குழாயின் பின்புறம். அங்கே ஒரு சதுர அடி மட்டும் உடைத்தால், திருகு குழாய் பொருந்தும் ‘எல்போ’ மரையில் மயிரிழைப் பிளவு தெரிகிறது. பித்தளைத் திருகு குழாயைப் பிளாஸ்டிக் மரையில் அளவுக்கு மீறி முறுக்கினால் இப்படிப் பிளப்பது சகஜம். முறுக்கிய அன்றே கசியாமல் மாதங்கள் கழித்துக் கசியும். உலோக மரை உள்ளே பதித்த எல்போவை மாற்றினால் தீர்ந்தது. மாற்றியபின், உடைத்த இடத்தைப் பூசுவதற்கு முன், தொட்டிச் சோதனையை இன்னொரு ஞாயிறு செய்து மட்டம் இறங்கவில்லை என்று பார்த்த பிறகே குழாய்க்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

கீழ்ச்சுவரில் பூச்சு வேலைக்கு இப்போது இடமேயில்லை. வெளியே அளந்தால் தெரு மட்டம் உள் தரைக்கு மூன்று அங்குலம் மேலே இருக்கிறது. சுவரோரம் ஓரடி அகலத்திற்கு மண்ணையும் சாலையின் விளிம்பையும் எடுத்து, தடுப்பு அடுக்கிற்கு அரை அடி கீழே வரும்படி தாழ்த்தி, மழைநீர் தேங்காமல் ஓட வாட்டமுள்ள சிறு வாய்க்கால் கட்டுவதே வேலை. வெளிப்பூச்சு தடுப்பு அடுக்கை மூடிக்கொண்டு மண்ணுக்குள் இறங்கியிருந்தால் அந்தப் பகுதிப் பூச்சை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பூச்சே ஈரத்திற்கு ஏணியாகும். தடுப்பு அடுக்கே இல்லாத பழைய கட்டிடமானால் விஷயம் வேறு. அதற்கு ஒன்றியப் பொறியாளரின் ஆலோசனை பெறாமல் மதிப்பீட்டில் கையொப்பமிடுவது கூடாது.

ஆகவே மதிப்பீடு கேட்கும்போதே மூன்று பகுதியாகக் கேட்பது நலம்: ஈரத்தின் ஊற்றை நிறுத்தும் வேலை ஒன்று, அது நின்றதைக் காட்டும் சோதனை ஒன்று, பூச்சு வேலை ஒன்று. மூன்றாவதற்கான தொகையை முதலிரண்டும் முடிந்து சுவர் உலரும் வரை விடுவிக்கலாகாது என்று தீர்மானத்திலேயே எழுதிவிடலாம்.

சுவர் உலர எத்தனை நாளாகும் என்பதில் பலரும் அவசரப்படுகிறார்கள். நன்கு நனைந்த சுவர் ஓர் அங்குலத்திற்கு ஒரு மாதம் என்ற கணக்கில் உலரும் என்பது மேல்நாட்டுக் கட்டிடக்காரர்களின் பழைய கணக்கு. நம் கோடையில் அதைவிட விரைவாகவும், ஐப்பசி கார்த்திகையில் மிக மெதுவாகவும் நடக்கும். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒரு முழுக் கோடையாவது விட வேண்டும். அதுவரை தளர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லைத் திறந்தே வைத்து, பூக்கும் உப்பை உலர்ந்த துடைப்பத்தால் வாரந்தோறும் பெருக்கி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்புக் கரைந்து மீண்டும் உள்ளே போகும். பென்சிற்கோடுகள் இரண்டு மாதம் அசையாமல் நின்று, சுவர் வெளுத்தபின், சுண்ணாம்புக் காரையால் பூசி வெள்ளையடிக்கலாம். அது சுவரின் முகத்தை அடைக்காது. உப்பு மிகுந்திருந்த கீழ்ச்சுவரில் முதல் பூச்சு இரண்டொரு ஆண்டில் மீண்டும் சற்றுப் பொரியக்கூடும். அது பழைய உப்பு வெளியேறுவது. புதிய ஈரம் வந்துவிட்டதென்று எண்ணி மறுபடி மதிப்பீடு கேட்குமுன், கோட்டை மீண்டும் வரைந்து ஒரு மாதம் பார்க்க வேண்டும்.